பலகையின் வெள்ளையை அளந்தீர்களா? விளம்பரப் பலகைப் படத்தில் புதிய வடிவமைப்பு: கேள்வி பதில்

தீபாவளி வேலைகள் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. இன்று மாலை உட்கார்ந்து முடிந்தவரை பதில் சொல்கிறேன். படத்தை இணைத்துக் கேட்டால் குறிப்பாகச் சொல்ல முடியும்.

தெம்பனிஸ் வாசகர்: அக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பெரிய பலகையை மாலை நாலரை மணிக்குப் படம் எடுத்தேன். பழைய விளம்பரத்துக்குப் பதிலா ஓர் உணவகத்தோட தீபாவளி விளம்பரத்தைப் போட்டேன். நாலு மூலையும் சரியா உட்காருது. ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு. பலகை 6 மீட்டருக்கு 3 மீட்டர்.

உங்கள் படத்தைத் திறந்து பார்த்தேன். கோணத்தில் பிழை இல்லை, வெளிச்சத்தில்தான் இருக்கிறது. உங்கள் வடிவமைப்பின் வெள்ளை 255, 255, 255 என்று அப்படியே நிற்கிறது. அந்தத் தெருவில் வேறெதுவும் அவ்வளவு வெள்ளையாக இல்லை. பக்கத்தில் நிற்கிற வேனின் வெள்ளைகூட அதைவிட மங்கல்.

நல்ல வேளையாகப் பழைய விளம்பரத்தின் கீழே, தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. அதில் வெயில் படும் இடத்தை அளந்தேன்: சிவப்பு 236, பச்சை 228, நீலம் 212. கறுப்பு எழுத்து அதே வெயிலில் 44, 42, 40. அந்த நேரத்தில் அந்தப் பலகையில் எந்த அச்சும் இந்த எல்லையைத் தாண்டாது. ஆகவே போட்டோஷாப்பில் வடிவமைப்பின் மேல் Levels ஒன்றைப் போட்டு அதோடு மட்டும் பிணைத்து, Output Levels-ஐ ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வையுங்கள். சிவப்புக்கு 44 முதல் 236, பச்சைக்கு 42 முதல் 228, நீலத்துக்கு 40 முதல் 212. வெள்ளை மாலை வெயிலின் மஞ்சளுக்கு வந்துவிடும், கறுப்பு, தூசியும் பளபளப்பும் ஏறிய கறுப்பாக மாறும். ஸ்டிக்கர் தோற்றத்தில் பாதி இங்கேயே போய்விடும்.

மீதிப் பாதி, தூங்குமூஞ்சி மரத்தின் நிழல். நீங்கள் கறுப்புத் தூரிகையால் 40 விழுக்காட்டில் வரைந்திருக்கிறீர்கள். அதே வெள்ளைப் பட்டை நிழலுக்குள் போகும் இடத்தை அளந்து பாருங்கள்: 128, 134, 146. வெயிலில் சிவப்புதான் அதிகம், நிழலில் நீலம் அதிகம். நிழலில் விழுவது வானத்தின் வெளிச்சம் என்பதால் அப்படி. நிழல் எண்ணை வெயில் எண்ணால் வகுத்து 255-ஆல் பெருக்குங்கள். 138, 150, 176 என்று ஒரு சாம்பல் நீலம் வரும். அந்த நிறத்தில் நிழலை நிரப்பி, அடுக்கை Multiply-இல் வைத்து Levels-க்கு மேலே போடுங்கள். அடர்த்தியைக் குறைக்க வேண்டாம், அளவு அந்த நிறத்துக்குள்ளேயே இருக்கிறது.

நிழலின் விளிம்பையும் கண்ணால் ஊகிக்காதீர்கள். சூரியன் வானத்தில் ஏறக்குறைய அரை பாகை அகலம். அதனால் நிழல் விளிம்பு, இலைக்கும் பலகைக்கும் உள்ள தூரத்தில் சுமார் 108-இல் ஒரு பங்கு அகலத்துக்குக் கலங்கும். உங்கள் படத்தில் கிளை பலகையிலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் தள்ளி இருப்பதுபோல் தெரிகிறது. அப்படியானால் கலங்கல் 3.7 சென்டிமீட்டர். 6 மீட்டர் பலகை படத்தில் 1500 பிக்சல் என்பதால் அது சுமார் 9 பிக்சல், அதற்கு Gaussian Blur 3 போதும். நீங்கள் 25 வைத்திருக்கிறீர்கள், மேகம் படிந்ததுபோல் ஆகிவிட்டது. இலை இடுக்குகளில் விழும் ஒளிப் பொட்டுகளையும் உற்றுப் பாருங்கள். அவை இலை வடிவில் இல்லை, நீள்வட்டமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். பழைய படத்தில் இருக்கும் அந்தப் பொட்டுகளை அதே இடத்தில் படியெடுத்துவிடுங்கள், நீங்களாகப் புதிதாக வரைய வேண்டாம்.

ஈசூன் வாசகர்: இவ்வளவு கணக்கு எதுக்கு? பழைய பலகையைக் கறுப்பு வெள்ளையாக்கி மேலே Multiply-ல வெச்சா நிழல் தானா வந்துடும். நான் எப்பவும் அப்படித்தான் செய்றேன்.

பலகை வெறுமையாக இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. புதிதாகக் கட்டிய கட்டுமானத் தடுப்பு, விளம்பரம் கிழித்த பலகை இவற்றுக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் பழைய விளம்பரத்தில் ஒரு முகம் இருந்தால் அந்த முகமும் நிழலோடு சேர்ந்து வரும். போன மாதம் நீங்கள் காட்டிய நகைக்கடைப் படத்தில் சங்கிலிக்குப் பின்னால் ஒரு குளிர்பானப் புட்டி மங்கலாகத் தெரிந்தது, நினைவிருக்கிறதா? தவிரவும் கறுப்பு வெள்ளையாக்கும்போது நிழலின் நீலம் போய்விடுகிறது. நிறத்தோடு வையுங்கள், வெறும் பலகைக்கு மட்டும் வையுங்கள்.

அங் மோ கியோ வாசகர்: பலகையில போட்டதும் எழுத்தெல்லாம் குண்டாயிடுது. கோணம் தப்பா?

கோணம் சரி, விகிதம் தப்பு. படத்தில் தெரிகிற அகலத்தை அளந்து அந்த அளவில் கோப்பைத் தொடங்கியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் அகலம் ஒடுங்கியிருக்கும். அந்த அளவில் செய்த வடிவமைப்பு பலகையில் ஏறும்போது எழுத்து ஒடுங்காமல் அப்படியே நிற்கும். பலகை ஒடுங்கித் தெரிய எழுத்து மட்டும் ஒடுங்காததால் அது குண்டாகத் தெரிகிறது. பலகையின் உண்மை விகிதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 6-க்கு 3 என்றால் 3000-க்கு 1500 பிக்சலில் தொடங்கி, Smart Object ஆக்கி, Edit > Transform > Distort-இல் நான்கு மூலையை மட்டும் பொருத்துங்கள். சட்டத்தின் உள்விளிம்பில் பொருத்த வேண்டும், வெளிவிளிம்பில் அல்ல.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. வடிவமைப்பின் நட்டநடுவில் ஒரு புள்ளி வையுங்கள். படத்தில் பலகையின் இரண்டு மூலைவிட்டங்களையும் வரையுங்கள். அவை வெட்டும் இடத்தில் அந்தப் புள்ளி உட்கார வேண்டும். Warp-ஐக் கொண்டு மூலைகளை இழுத்திருந்தால் உட்காராது.

ஜூரோங் வாசகர்: கைப்பேசியில எடுத்த படம். மூலை சரியா இருக்கு, ஆனா மேல் விளிம்புல நடுவுல ஒரு இடைவெளி தெரியுது.

அகல லென்ஸ் நேர்கோட்டை வளைத்திருக்கிறது. முதலில் Filter > Lens Correction, பிறகு மற்ற வேலை.

பிடோக் வாசகர்: எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு பலகை வைக்கணும். யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

நான் படத்தில் வைக்கும் பலகையைப் பற்றித்தான் பேசுகிறேன். வெளிப்புற விளம்பரப் பலகை உரிமத்துக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் இணையப்பக்கத்தைப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: என்னுதும் ஒட்டின மாதிரி இருக்கு. என்ன செய்ய?

பலகையின் வெள்ளையை அளந்தீர்களா? மேலே முதல் பதில்.

அச்சகத்தில் 30 ஆண்டு இருந்த வாசகர்: தங்கச்சி, எல்லாருக்கும் வெள்ளையைக் குறைக்கச் சொல்றீங்க. ராத்திரியில பேருந்து நிறுத்தத்துல எரியற ஒளிப்பெட்டிக்கு அது பொருந்தாது. அங்கே வெள்ளை வெள்ளைதான்.

நீங்கள் சொல்வது சரி அண்ணே, நான் பகல் பலகையோடு நின்றுவிட்டேன். இரவில் பலகையே விளக்கு. கேமராவில் அதன் வெள்ளை பெரும்பாலும் 255-ஐத் தொட்டு நிரம்பியிருக்கும். அங்கே பார்க்க வேண்டியது பலகைக்கு வெளியே. பழைய விளம்பரம் சிவப்பாக இருந்தால் ஈர நடைபாதையும் இருக்கையின் உலோகமும் சிவந்திருக்கும். நீல விளம்பரத்தை வைத்துவிட்டு அந்தச் சிவப்பை அப்படியே விட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் ஏதோ உறுத்தும். முதலில் நடைபாதையின் சிவப்பை எடுங்கள். பிறகு புதிய வடிவமைப்பைத் தலைகீழாகத் திருப்பி, நன்றாகக் கலக்கி, Screen-இல் மெலிதாக விடுங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: அக்கா, எண்ணெல்லாம் போட்டுட்டேன், அசந்துட்டேன். ஆனா இப்ப நிழல் சரியா உணவகத்தோட தொலைபேசி எண் மேல விழுது. வாடிக்கையாளர் நிழலை எடுக்கச் சொல்றார்.

எடுக்காதீர்கள். அந்த இடத்துக்கு வாடகை கொடுக்கலாமா என்று முடிவு செய்யத்தான் அவர் இந்தப் படத்தைக் கேட்டார். மாலை நாலரைக்கு எண் நிழலில் இருக்கும் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

ஈசூன் வாசகர்: இதை ஒத்துக்க முடியாது. வடிவமைப்பு நல்லா இருக்கான்னு பார்க்கத்தான் படம். காலையில எடுத்திருந்தா நிழலே இருந்திருக்காது.

அச்சக அண்ணன்: காலையில எடுத்திருந்தா பலகையில வெயிலே இருந்திருக்காது தம்பி. மேற்கே பார்க்கிற பலகை அது.

ஈசூன் வாசகர்: அப்போ மேகமூட்டமான நாள்ல போய் எடுக்கலாமே. நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?

மேகமூட்டமான நாளில் போய் இன்னொரு படம் எடுப்பது நேர்மையான வழி, அதை ஏற்கிறேன். வெயில் படத்தில் நிழலை மட்டும் அழிப்பதைத்தான் ஏற்க மாட்டேன். தரையிலும் சட்டத்திலும் நிழல் விழுந்து பலகையில் மட்டும் விழாமல் இருந்தால் பொய் அங்கேயே தெரிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு கடைக்கு அப்படி நிழலை நீக்கிக் கொடுத்தேன். பலகை ஏறிய பிறகு கடைக்காரர் சாலையில் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பினார். விலை எழுதிய இடம் முழுக்க இலை நிழல். அதிலிருந்து இதில் நான் பிடிவாதம்.

அச்சக அண்ணன்: எண்ணை மேலே நகர்த்தச் சொல்லுங்க, முடிஞ்சுது.

தெம்பனிஸ் வாசகர்: நகர்த்தினா அவரோட வாழையிலைப் படம் சின்னதாகும். அதுக்கும் சம்மதிக்க மாட்டார்.

இரண்டு படத்தையும் கொடுங்கள், நேரத்தைக் கீழே எழுதிக் கொடுங்கள். முடிவு அவருடையது.

புக்கிட் பாத்தோக் வாசகர்: போட்டோஷாப்ல தமிழ் எழுத்து உடையுது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

பழைய பதிப்பானால் Preferences > Type-இல் World-Ready Layout. மாற்றிய பிறகு நிரலை மூடித் திறங்கள்.

செங்காங் வாசகர்: ஒட்டின மாதிரி தெரியாம இருக்க ஏதாவது ஃபில்டர் இருக்கா?

இல்லை. இந்தக் கேள்விக்கு இன்று மூன்றாவது பதில் இது. முதல் பதிலை முழுதாகப் படியுங்கள், பிறகு படத்தோடு வாருங்கள்.

ஜூரோங் வாசகர்: வளைவு சரியாயிடுச்சு, நன்றி. இப்ப எழுத்து மட்டும் கத்தி மாதிரி கூர்மையா இருக்கு. பக்கத்துல கட்டடம் அப்படி இல்ல.

இது நல்ல கேள்வி. உங்கள் வடிவமைப்பு லென்ஸ் வழியாக வராதது. பலகையின் சட்டத்தை 200 விழுக்காட்டில் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற எத்தனை பிக்சல் ஆகிறது? உங்கள் படத்தில் மூன்று. எழுத்தில் ஒன்றுதான். Gaussian Blur 0.7-இல் தொடங்கி இரண்டும் ஒன்றுபோல் ஆகும்வரை ஏற்றுங்கள். அதற்குப் பிறகு Add Noise-இல் Monochromatic தேர்ந்து, பக்கத்துச் சுவரின் பொரிப் புள்ளிகளுக்கு நிகராகக் கொஞ்சம். புள்ளியைப் போட்டுவிட்டுக் கலக்கினால் புள்ளியும் கலங்கிப் போகும், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம். பலகையின் முன்னால் வரும் அந்த விளக்குக் கம்பத்தை வெட்டி மேலே வைத்திருக்கிறீர்களே, அதன் இடது விளிம்பில் பழைய விளம்பரத்தின் பச்சை ஒரு பிக்சல் ஒட்டியிருக்கிறது. மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே தள்ளிவிட்டு அனுப்புங்கள்.