காய்ச்சல் விட்ட நாள்தான் எங்களுக்குப் பயமான நாள்

கேள்வி: எனக்கு ஏழாவது மாசம் நடக்குது, சென்னை. நேத்துலேர்ந்து காய்ச்சல். பக்கத்துல கட்டட வேலை செய்யுறவங்க ரெண்டு பேருக்கு மலேரியா, எங்க தெருவுல டெங்கு. வீட்டுல "ரெண்டு நாள் பாக்கலாம், தானா விட்டுடும்"னு சொல்றாங்க. கர்ப்பமா இருந்தா இது அவ்வளவு ஆபத்தா?

ரெண்டு நாள் பார்க்க வேண்டாம், இன்றைக்கே கிளம்புங்கள். போகும்போது கர்ப்பிணி அட்டையையும், முந்தைய மாதங்களில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய தாள் எதற்கு என்பதுதான் இந்தப் பதிலில் முக்கியமான பகுதி.

நான் பிரசவ வார்டில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கே கை நடுங்கியது என் தங்கை விஷயத்தில்தான், அதையே சொல்கிறேன்.

அக்டோபர் மாதம், அவளுக்கு 30 வாரம். ஞாயிற்றுக்கிழமை திடீரென்று 103 டிகிரி காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு ஒடிகிற மாதிரி வலி. தெருமுனை கிளினிக்கில் "வலிக்கு ஒரு ஊசி போட்டுடலாம்" என்றார்களாம். நல்லவேளை, போட்டுக்கொள்ளும் முன் எனக்கு போன் செய்தாள். டெங்குவில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். அதுவும் கடைசி மாதங்களில் அந்த வலி மருந்துகள் குழந்தையின் இதயத்துக்கும் பனிக்குட நீருக்கும் ஆகாது. பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில். இன்னொன்று, பிரஷர் ஏறாமல் இருக்க உங்களுக்குச் சின்ன டோஸ் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் (இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள்) அதைக் காய்ச்சல் பார்க்கும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவராகக் கேட்பார் என்று இருக்காதீர்கள்.

திங்களன்று டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை பாசிட்டிவ். இந்தப் பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள்தான் நன்றாகக் காட்டும், அதனால்தான் காத்திருக்காதீர்கள் என்கிறேன். டெங்கு என்று தெரிந்த கர்ப்பிணியை, பார்க்க நன்றாக இருந்தாலும் வார்டில் வைத்துப் பார்ப்பதுதான் முறை, அவளையும் அப்படியே சேர்த்தோம்.

வியாழன் காலை காய்ச்சல் விட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "விட்டுடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரசம் சாதம் கொடுக்கலாம்" என்கிறார். அன்றைக்குத்தான் எங்களுக்குப் பயம் ஆரம்பம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயத்தில், ஒரு நாளோ இரண்டு நாளோ, ரத்தக்குழாய் சல்லடை மாதிரி ஆகி ரத்தத்தில் உள்ள நீர் வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசியும். உள்ளே மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும். அந்தக் கெட்டித்தன்மையைக் காட்டுவதுதான் ரிப்போர்ட்டில் பிசிவி என்று போடும் எண். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் முதலில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

அவளுடைய வியாழக்கிழமை பிசிவி 38. லேப் அச்சடித்திருந்த இயல்பு அளவு 36 முதல் 46 வரை, அதனால் சிவப்புக் குறி எதுவும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பெரிய டாக்டர் வந்து கர்ப்பிணி அட்டையைக் கேட்டார். காய்ச்சல் வருவதற்கு முந்தைய மாதம் அவளுடைய பிசிவி 31. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகமாகும், அதனால் இந்த எண் தானாகவே இறங்கியிருக்கும், நோய் இல்லை. ஆக 31 இருந்தவளுக்கு 38 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, கசிவு நன்றாகவே ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பழைய தாள் இல்லையென்றால் அந்த 38 யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மற்ற அடையாளங்களும் இப்படித்தான் ஏமாற்றும். கர்ப்பிணிக்கு நாடித்துடிப்பு எப்போதுமே கொஞ்சம் வேகம், பிரஷர் கொஞ்சம் குறைவு, அதனால் ரத்த ஓட்டம் சரிந்து ஷாக் நிலைக்குப் போவதன் தொடக்கம் இயல்பு போலவே தெரியும். அவளுக்கு பிரஷர் 100/78 இருந்தது. மேல் எண்ணைப் பார்த்தால் பயமில்லை, ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 22தான், அது 20க்கு வந்தால் ஆபத்துக் கட்டம். வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாள், குழந்தை உதைக்கிறது என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். வாந்தியும் அப்படியே, "மசக்கை மாதிரி இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். தாய்க்கு ரத்த ஓட்டம் குறைந்தால் உடம்பு முதலில் தன் மூளையையும் இதயத்தையும்தான் காப்பாற்றும், கருப்பைக்குப் போகும் ரத்தம் முன்னாலேயே குறைந்துவிடும். தாய் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தைக்குத் திணறல் வருவது அதனால்தான்.

உடனே சலைன் ஏற்றினார்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிசிவி, மணிக்கொருமுறை சிறுநீர் அளவு, குழந்தையின் துடிப்பு. சனிக்கிழமை சலைனைக் குறைத்து நிறுத்தினார்கள். கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்கு வரும் நேரத்திலும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். பிளேட்லெட் 42,000 வரை இறங்கியது. ரத்தக்கசிவு இல்லாததால் ஏற்றவில்லை, நானே கேட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரசவ வலி வந்துவிடக் கூடாதே என்பதுதான் எல்லோருடைய கவலையும், அந்த நிலையில் பிரசவமோ சிசேரியனோ என்றால் ரத்தப்போக்கை நிறுத்துவது பெரும்பாடு. வரவில்லை. 38 வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு ஒட்டி காய்ச்சல் வந்திருந்தால் குழந்தைக்கும் டெங்கு தொற்றலாம், அப்போது குழந்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மலேரியாவையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள், ஒன்று இல்லை என்று தெரிந்த பிறகு இன்னொன்று என்று நாளைக் கடத்தாதீர்கள். சென்னையில் பெரும்பாலும் வைவாக்ஸ் வகைதான். குளோரோகுயினுக்குக் கேட்கும், அது கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்து. ஆனால் கட்டட வேலைக்கு வெளி மாநிலங்களிலிருந்து வருகிறவர்களிடம் ஃபால்சிபாரம் வகையும் இருக்கலாம். அது மோசமானது. அந்தக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும், விரலில் எடுத்த சொட்டில் கிருமி தெரியாமலே போகலாம். அதனால் ஒருமுறை நெகட்டிவ் வந்தும் குளிர் நடுக்கம் தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நஞ்சுக்கொடி அடைபட்டால் குழந்தை எடை குறையும், குறைப்பிரசவம் ஆகலாம், வயிற்றிலேயே இறக்கவும் கூடும். தாய்க்கு ரத்தசோகை வேகமாக வரும், சர்க்கரை திடீரென்று இறங்கும். மருந்துக்குப் பயப்படாதீர்கள். ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தில் ஒன்றை முதல் மூன்று மாதத்திலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2022ல் சொல்லிவிட்டது, உங்களுக்கோ ஏழாவது மாதம்.

வைவாக்ஸ் என்று வந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அது கல்லீரலில் ஒளிந்திருக்கும், அதை அழிக்கும் பிரைமாகுயினைக் கர்ப்பத்தில் கொடுக்க மாட்டார்கள். அதனால் குணமாகிச் சில வாரம், ஏன் சில மாதம் கழித்துக்கூடத் திரும்பக் காய்ச்சல் வரலாம். வந்தால் அதே நாளில் மறுபடி ரத்தம் கொடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அந்த மருந்து பாக்கி இருக்கிறது என்பதை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் பரபரப்பில் அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.