மூன்றாம் கேள்வியின் விடை நான்காம் கேள்விக்குப் போவது எப்படி?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 40 பயிற்சித்தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் இரண்டு பத்தியாக 12 கேள்விகள். இரண்டு ஓரத்திலும் கட்டங்கள் இருக்கும், அதில் விடையை (அ, ஆ, இ, ஈ) பேனாவால் எழுதியிருக்கிறேன். எக்செல்லில் ஏற்றித் தரச் சொல்லி ஓர் இடத்தில் கொடுத்தேன். சில பக்கங்களில் 1, 7, 2, 8 என்று கேள்விகள் மாறி மாறி வருகின்றன. சிலவற்றில் 3-இன் விடை 4-க்கு நேராக இருக்கிறது. இன்னும் சிலவற்றில் பாதிக்குக் கீழே எல்லாமே ஒரு வரி தள்ளிப்போயிருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த ஃபைலில் இருப்பது ஒரே தவறு அல்ல, மூன்று தனித்தனித் தவறுகள். பிழை எந்த மாதிரி விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே அது எங்கே நடந்தது என்று சொல்லிவிடலாம்.

1, 7, 2, 8 என்று வந்தால், ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனிக்காமல் இடது ஓரம் முதல் வலது ஓரம் வரை ஒரே வரியாகப் படித்துவிட்டது என்று அர்த்தம். ஓரிடத்திலிருந்து கீழே எல்லாம் ஒரு வரி தள்ளியிருந்தால், அங்கே ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கும், அல்லது அதில் இருந்ததைப் படிக்க முடிந்திருக்காது. டைப் செய்தவர் அந்த இடத்தைக் காலியாக விடாமல் அடுத்த விடையை மேலே ஏற்றிவிட்டார். இந்த இரண்டுக்கும் மருந்து சுலபம். முதலாவதற்குப் பத்திகளைத் தனித்தனியாக வெட்டிப் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு, தள்ளல் தொடங்கிய இடத்தில் ஒரு காலிக் கட்டத்தைச் செருகினால் கீழே உள்ளவை தானாகச் சரியாகிவிடும்.

3-இன் விடை 4-க்குப் போனதுதான் கொஞ்சம் விஷமமானது. கட்டத்துக்கு எந்த எண் கிட்டத்தில் இருக்கிறதோ அதன் விடை என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். மனிதரோ மென்பொருளோ, இந்தத் தவறு இருவருக்கும் பொது. தாளை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் கட்டத்தைக் கேள்வி முடியும் இடத்துக்கு நேராகத்தான் வைக்கிறார்கள். கேள்வி நீளமாக இருந்தால், அதன் கட்டம் தன் எண்ணை விட்டு வெகுதூரம் இறங்கி, அடுத்த கேள்வியின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆகவே கிட்டத்தில் இருக்கும் எண்ணைத் தேடக் கூடாது. அதே பத்தியில், கட்டத்துக்கு மேலே கடைசியாக எந்த எண் வருகிறதோ, அதுதான் அந்தக் கட்டத்துக்கு உரிய கேள்வி.

ஒரு தாளை அளந்தே பார்ப்போம். சாதாரண ஸ்கேல் போதும். தாளின் மேல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கேள்வி எண்ணின் உச்சி வரையும், ஒவ்வொரு கட்டத்தின் நடு வரையும் மில்லிமீட்டரில் அளந்து எக்செல்லில் போடுங்கள். A-யில் கேள்வி எண், B-யில் அதன் உயரம், C-யில் கட்டத்தின் உயரம். இடது பத்தியில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
A   B    C
1   32   52
2   70   90
3   108  146
4   152  178
5   200  198
6   238  256
```

மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். 146-இல் இருக்கிறது. 4-ஆம் எண்ணுக்கு 6 மி.மீ. தூரம், 3-ஆம் எண்ணுக்கு 38 மி.மீ. தூரம். கிட்டத்தைப் பார்த்தவர் 4 என்றுதான் எழுதுவார். மேலே கடைசியாக வந்த எண் எது என்று பார்த்தால் 3. இதை எக்செல் தானே செய்யும். முதல் வரி தலைப்பு என்றால் D2-இல் இதை எழுதி, கீழே இழுத்துவிடுங்கள்:

```
=LOOKUP(C2+3,$B$2:$B$7,$A$2:$A$7)
```

கொடுத்த அளவுக்குச் சமமான, அல்லது அதைவிடக் குறைந்த எண்களில் மிகப் பெரியதை B-யில் பிடித்து, அதற்கு நேராக A-யில் இருக்கும் கேள்வி எண்ணைத் தருவதுதான் இந்தச் சூத்திரத்தின் வேலை. நமக்கு வேண்டியதும் அதுவேதான். B-யில் உயரங்கள் சிறியதிலிருந்து பெரியதாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

அந்த +3 எதற்கு என்றால், ஐந்தாவது கட்டத்துக்காக. கேள்வி ஒரே வரியாக இருக்கும்போது கட்டம் வரியைவிட உயரமாக இருப்பதால் அதன் நடு, எண்ணின் உச்சிக்குக் கொஞ்சம் மேலேயே போய்விடும். இங்கே எண் 200-இல், கட்டம் 198-இல். +3 இல்லாவிட்டால் அது 4-ஆம் கேள்விக்குப் போய்விடும். அப்போது D-யில் 4 இரண்டு முறை வரும், 5 வராது. அதற்காக ஒரேயடியாக 8 கூட்டிவிடாதீர்கள். 146 என்பது 154 ஆகி, மூன்றாவது கட்டம் மறுபடி 4-க்குத் தாவும். D-யில் 1 முதல் 6 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிறதா என்பதுதான் சோதனை. வந்தால் அந்தப் பத்தி முடிந்தது. வலது பத்தியைத் தனி ஷீட்டில் இதேபோல் செய்யுங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்கவே கலக்காதீர்கள்.

இந்த விதி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சில தாள்களில், இடது பத்தியின் அடியில் தொடங்கும் 6-ஆம் கேள்வி அங்கே முடியாமல், மீதி வலது பத்தியின் உச்சியில் தொடரும். கட்டம் கேள்வியின் முடிவுக்கு நேராக வைக்கப்படுவதால், 6-இன் கட்டம் வலது ஓரத்தில், 7-ஆம் எண்ணுக்கும் மேலே போய் உட்கார்ந்திருக்கும். 7-ஆம் எண் 45-இல் இருக்கிறது, இந்தக் கட்டம் 28-இல் இருக்கிறது என்றால், சூத்திரம் மேலே எந்த எண்ணும் கிடைக்காமல் `#N/A` என்று காட்டும். பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி. இடது பக்கம் 5 கட்டம்தான் இருக்கும், வலது பக்கம் 7 இருக்கும். கூட்டினால் 12 சரியாக வந்துவிடுவதால், மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அவர் வலது பக்கக் கட்டங்களை மேலிருந்து 7, 8, 9 என்று எண்ணிக்கொண்டே போவார், பத்தி முழுக்க ஒன்று தள்ளிவிடும். இதற்கு வழி, வலது பத்தியின் பட்டியலில் முதல் வரியாக A-யில் 6, B-யில் 0 என்று சேர்ப்பது. பட்டியல் ஒரு வரி நீண்டதால் சூத்திரத்தில் 7 என்பதை 8 ஆக்க வேண்டும். 12-ஆம் கேள்வி அடுத்த தாளுக்கு ஓடினாலும் இதே கதைதான். அந்தத் தாளின் இடது பத்தியில் 12-ஐ 0 உயரத்தில் சேர்த்துவிடுங்கள்.

40 தாளையும் ஸ்கேல் வைத்து அளக்கத் தேவையில்லை. ஒரு அட்டையால் வலது பாதியை மூடிக்கொண்டு இடது பக்கத்தைச் சரிபாருங்கள், அப்புறம் மாற்றி மூடுங்கள். அட்டையோடு பார்த்தும் ஏதாவது ஒரு கட்டம் இதற்கா அதற்கா என்று சந்தேகம் வரும் தாளை மட்டும் அளந்தால் போதும்.

கேள்விகளைப் புதிதாகப் படித்தெடுக்க வேண்டிய தாள்களுக்கு, கணினி தெரிந்த யாரிடமாவது இந்த இரண்டு வரியைக் காட்டுங்கள். A4 தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2480 x 3508 புள்ளிகள் வரும். ஓரக் கட்டங்கள் 20 மி.மீ. அகலத்துக்குள் இருந்தால் இடது பத்தியை இப்படிப் பிரிக்கலாம்:

```
magick page.png -crop 1000x3508+240+0 +repage left.png
tesseract left.png left -l tam+eng --psm 4 tsv
```

வலதுக்கு 240 என்பதை 1240 ஆக்கி, பெயரையும் மாற்றினால் போதும். வெட்டும்போது நெடுக்காக மட்டும்தான் வெட்ட வேண்டும். தலைப்பு எதற்கு என்று மேலே கொஞ்சம் கத்தரித்தால் உயரக் கணக்கு எல்லாம் கெட்டுவிடும். வருகிற ஃபைலில் `top` என்ற நெடுவரிசைதான் உயரம், அதை 11.8-ஆல் வகுத்தால் மில்லிமீட்டர். தாள் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தால் முதலில் நேராக்குங்கள். ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கிட்டத்தட்ட 3.7 மி.மீ. ஏற்ற இறக்கம் வந்து, நம் +3-ஐத் தின்றுவிடும். கட்டத்துக்குள் பேனாவால் எழுதிய விடையை மட்டும் மென்பொருளிடம் கொடுக்காதீர்கள். அது அச்செழுத்துக்கானது. கட்டத்தின் கோட்டையே 1 என்று படித்துவிடும். அ-வும் ஆ-வும் சின்னக் கட்டத்துக்குள் ஒரு சுழியில்தான் வேறுபடுகின்றன. தாளுக்கு 12 எழுத்து, ஒரு நிமிட வேலை, நீங்களே அடித்துவிடலாம்.

தாள்கள் பிடிஎஃப் ஆகவே கிடைக்குமே, அப்படியே காப்பி செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்து பாருங்கள், பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் என்றால் ஒட்டும்போது வெறும் குப்பைதான் விழும். யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு 2010-இலேயே சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் பழைய எழுத்துருவில் அடித்து, பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரிண்டைக் கோணலாக ஸ்கேன் செய்து சுற்றுக்கு விடுகிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வேலையை எடுத்துச் செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்பவர்களில் பலர் வேலையைத் தாங்கள் செய்வதில்லை. வேறு யாருக்கோ குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவர் ஓசிஆர்-இல் ஒரு முறை ஓட்டி, எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவார். வரிசையை யாரும் பார்ப்பதில்லை. ‘99 சதவீதம் சரி’ என்று சொன்னால், அது எழுத்தை எண்ணிச் சொல்வது என்று புரிந்துகொள்ளுங்கள். எழுத்தெல்லாம் சரியாக இருந்து, விடை எல்லாம் ஒரு வரி தள்ளியிருந்தாலும் அவர் கணக்கில் அது 99 சதவீதம்தான். அடுத்த முறை முழுக் கட்டையும் கொடுக்காமல், நான் மேலே சொன்ன 6-ஆம் கேள்வி மாதிரி பத்தி தாண்டும் தாள் ஒன்றையும், ஒரு கட்டம் காலியாக இருக்கும் தாள் ஒன்றையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் தாள் எண், இடதா வலதா என்ற பத்தி, கேள்வி எண் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். முடியாது என்றால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, 1, 7, 2, 8 வந்த பக்கங்களை எக்செல்லிலேயே வரிசைப்படுத்திவிடலாம் என்று கை போகும். அப்படிச் செய்யும்போது கேள்வி எண் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தால், எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டி இரண்டு வழி கேட்கும். `Expand the selection` என்பதைத்தான் அழுத்த வேண்டும். `Continue with the current selection` என்பதை அழுத்தினால் எண்கள் மட்டும் நகர்ந்து, கேள்வியும் விடையும் பழைய இடத்திலேயே நிற்கும். கேள்வி எண்ணுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் ஒரு காலி நெடுவரிசை இருந்தால் அந்த எச்சரிக்கையும் வராது. எனவே முதலில் காலி நெடுவரிசைகளை நீக்கிவிட்டு, ஃபைலின் நகல் ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள்.