பார்சல் ‘வரவில்லை’ என்கிறார், சேலையையும் திருப்பித் தருவதில்லை: பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூலம் சேலை விற்கிறேன். கோவையில் இருக்கும் ஒருவர் நான்கு முறை வாங்கினார். முதல் பார்சல் வரவே இல்லை என்றார், ரூ.1,650 திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது பிரச்சினை இல்லை. மூன்றாவதில் கறை என்றார். சேலையை அனுப்பாமலே பாதிப் பணம் ரூ.1,200 வாங்கிக்கொண்டார். இப்போது ரூ.4,200 சேலையும் வரவில்லை என்கிறார். ட்ராக்கிங்கில் டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது. பணம் தராவிட்டால் சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன், ‘ஃப்ராடு’ என்று போஸ்ட் போடுவேன் என்கிறார். என்ன செய்வது? — வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இப்போதைக்குப் பணம் அனுப்ப வேண்டாம். ‘தர முடியாது’ என்றும் எழுதிவிடாதீர்கள். முதலில் கூரியரிடமிருந்து ஒரு காகிதத்தை வாங்குங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம்.

‘டெலிவர்டு’ என்று ட்ராக்கிங்கில் வரும் ஒற்றை வரி சாட்சியமாக நிற்பது கடினம். டெலிவரி ஆள் அவசரத்தில் பட்டனை அழுத்திவிட்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பதும் நடக்கிறது, கொடுக்காமலே விடுவதும் நடக்கிறது. உங்களுக்கு வேண்டியது டெலிவரி சான்று, கூரியர்காரர்கள் பி.ஓ.டி. என்பார்களே, அது. யார் வாங்கினார், எந்த நேரம், கையெழுத்து உண்டா, ஓ.டி.பி. போட்டுக் கொடுத்தார்களா, எந்த போன் எண்ணுக்கு ஓ.டி.பி. போனது, இத்தனையும் அதில் தெரிய வேண்டும். புக்கிங் செய்த கிளையில் வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாமல், ட்ராக்கிங் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலிலும் கேளுங்கள். பழைய டெலிவரி பதிவுகளைக் கூரியர் நிறுவனங்கள் நெடுநாள் வைத்திருப்பதில்லை. அதனால் முதல் பார்சலுக்கான பி.ஓ.டி.யையும் இப்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அந்த ரூ.1,650 போனது போகட்டும் என்று விட்டுவிட்டீர்கள். ஆனால் அந்தப் பார்சலும் அவர் கைக்கே போயிருந்தது என்று தெரிந்தால் இந்த வழக்கின் முகமே மாறிவிடும்.

புக்கிங் ரசீதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை: எடை. அட்டையோடு சேர்த்து 680 கிராம் என்று ரசீதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளை அவர் பேச்சை மாற்றி ‘கவர் வந்தது, உள்ளே சேலை இல்லை’ என்றால் அந்த 680 கிராம்தான் உங்களுக்காகப் பேசும். வெறும் கவர் அவ்வளவு கனக்காது. கிளையில் எடை போடாமல் ‘500 கிராமுக்குள்’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால், சரியான எடையை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பி.ஓ.டி. வந்ததும் நேர்மையாகப் படியுங்கள். அவர் பெயரோ, அவர் எண்ணுக்குப் போன ஓ.டி.பி.யோ இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. ‘செக்யூரிட்டி’ என்று இருந்தால் பாதிதான் வலு. ‘உங்கள் அடுக்ககத்தின் காவலர் வாங்கியிருக்கிறார், அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். கையெழுத்தே இல்லை, அல்லது யாரோ ஒருவர் பெயர் என்றால், இந்த முறை அவர் உண்மையே சொல்லியிருக்கலாம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவு, கூரியரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளலாம் என்கிறது. வணிகர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். நுகர்வோர் ஆணையத்தில் இதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். கூரியரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும் நீங்கள். டெலிவரியைக் காட்ட முடியாவிட்டால் பணத்தைக் கொடுத்துவிட்டு, கூரியரிடம் இழப்பீடு கேட்பதே சரி.

சான்று உங்கள் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி போடுங்கள். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்:

“உங்கள் ஆர்டரின் டெலிவரி சான்றை இத்துடன் இணைத்துள்ளேன். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், உங்கள் எண்ணுக்கு வந்த ஓ.டி.பி. மூலம் பார்சல் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இது தவறு என்றால், பார்சல் கிடைக்கவில்லை என்று கையெழுத்திட்ட கடிதத்தை 7 நாட்களுக்குள் அனுப்புங்கள். அதை வைத்துக் கூரியர் நிறுவனத்திடம் புகார் பதிவு செய்து, முடிவை உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.”

கையெழுத்துப் போட்டுப் பொய் எழுதப் பலருக்கும் கை வராது. உண்மையிலேயே பார்சல் கிடைக்காதவர் தயங்காமல் அனுப்பிவிடுவார். அனுப்பினால் அது கூரியர் மீதான உங்கள் புகாருக்கு உதவும். அனுப்பாவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாட்சியம்.

கறை பட்ட சேலை விஷயத்துக்கு வருவோம். ‘பொருள் திரும்பி வந்தால்தானே பணம்?’ என்று எல்லா வியாபாரிகளும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-வது பிரிவின்படி, பொருளை நிராகரிக்க உரிமை உள்ளவர் அதை விற்றவரிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. ஏற்கவில்லை என்று தெரிவித்தாலே போதும். ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே ‘வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் ஒழிய’ என்றுதான். உங்களுக்கான கதவு அந்த வார்த்தைகளில் இருக்கிறது. விற்கும் முன்பே நிபந்தனையைச் சொல்லி, அவரை ‘சரி’ என்று பதில் போட வைத்திருந்தால் பொருளைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். பணம் வாங்கிய பிறகு அனுப்பும் நிபந்தனைக்கு மதிப்பில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், பணம் தர மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் விற்பதும் அதே கணக்கில்தான் சேரும். ஆகவே உங்கள் பேஜில் ‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கறை, கிழிசல், வேறு நிறம் என்று வரும்போது அந்த வரி உங்களைக் காப்பாற்றாது, உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்பதில் தவறில்லை. வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குறையுள்ள பொருளை ஏற்க மறுத்தால் ஆணையத்தில் தோற்க நேரலாம்.

விற்கும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பில்லிலும் இப்படி அச்சடியுங்கள்: “குறை இருந்தால் பார்சல் கிடைத்த 3 நாட்களுக்குள் படத்துடன் தெரிவிக்கவும். எங்கள் செலவில் கூரியர் வந்து எடுத்துக்கொள்ளும். சேலை எங்களுக்கு வந்த 5 நாட்களுக்குள் முழுப் பணமும் தரப்படும்.” திருப்பி எடுக்கும் செலவை நீங்களே ஏற்பது வலிக்கும், தெரியும். ஆனால் ‘கூரியர் செலவு யார் தருவது’ என்ற சாக்கு அதோடு போய்விடும். பிக்-அப்புக்கு ஆள் போயும் சேலையைக் கொடுக்கவில்லை என்றால், ‘வாடிக்கையாளர் மறுத்தார்’ என்ற கூரியர் பதிவு உங்கள் கையில் இருக்கும். பாதிப் பணத்தில் சமரசம் செய்யும்போதும், ‘இந்த ரூ.1,200-உடன் இந்த ஆர்டர் குறித்த எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்று அவரிடம் பதில் வாங்கிய பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

அவர் மிரட்டும் மூன்றில் உடனே உறைக்கக்கூடியது 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் கொடுக்கும் புகார்தான். அங்கே புகார் பதிவானால் சர்ச்சைக்குரிய தொகையை வங்கி முடக்கிவைக்கும். சில சமயம் கணக்கையே முடக்கிவிடுகிறார்கள். அப்படி நடந்தால் கிளைக்குப் போய், புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். ரூ.4,200-ஐ மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கைத் திறக்கும்படி மனு கொடுங்கள். பில், புக்கிங் ரசீது, பி.ஓ.டி., வாட்ஸ்அப் உரையாடல் நான்கையும் விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 503-வது பிரிவின் கீழ் மனு போடலாம். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுப் பணமும் அதே கணக்கில் கிடந்தால் முடக்கம் வரும் நாளில் பால்காரருக்குக்கூடக் கொடுக்க இருக்காது.

நுகர்வோர் ஆணையத்தை அவர் கோவையிலேயே நாடலாம்; புகார்தாரர் வசிக்கும் இடத்தில் வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. நோட்டீஸ் வந்தால் 30 நாட்களுக்குள் பதில் போட வேண்டும், அதிகபட்சம் மேலும் 15 நாள் கிடைக்கும். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் நீட்ட முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ‘சின்னத் தொகைதானே’ என்று போகாமல் இருந்தால் ஒருதலையாக உத்தரவு வந்துவிடும். நீங்கள் விற்பவர் என்பதால் அதே ஆணையத்தில் அவர் மீது வழக்குப் போட முடியாது.

உங்களுக்கு உள்ள வழி காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது. ஆனால் ஒரு பரிவர்த்தனையில் தகராறு என்றால் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். முதல் பார்சலின் பி.ஓ.டி.யை நான் வலியுறுத்துவது இதனால்தான். வாங்கிக்கொண்டே ‘வரவில்லை’ என்று இருமுறை சொல்லியிருக்கிறார் என்றால் எண்ணம் தெரிகிறது. நான்கு பரிவர்த்தனைகளையும் தேதி, தொகை, சான்று என ஒரே பக்கத்தில் அட்டவணையாக எழுதி, உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலோ மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலோ கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இந்தத் தொகைக்கு அவர் சிறைக்குப் போவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாளை அவர் 1930-இல் பொய்ப் புகார் கொடுத்தால், அதற்கு முந்தைய தேதியில் வாங்கிய அந்த ரசீது உங்களுக்குப் பெரிய துணை.

‘ஃப்ராடு’ போஸ்ட் போட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணைப்பையும் தேதியையும் குறித்துவையுங்கள், கீழே டெலிவரி தேதியை மட்டும் அமைதியாகப் பதிலிடுங்கள். அவர் படத்தையும் போன் எண்ணையும் உங்கள் பேஜில் போட்டு ‘இவரிடம் ஜாக்கிரதை’ என்று எழுதும் ஆசை வரும். செய்யாதீர்கள், அவதூறு வழக்கில் நீங்கள் எதிரியாகிவிடுவீர்கள். அவருக்கு இனி விற்க வேண்டும் என்று உங்களுக்குக் கட்டாயமில்லை. ஐந்தாவது ஆர்டர் வந்தால் பணம் வாங்கும் முன்பே ‘இயலாது’ என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக உங்கள் போன். வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றத்தில் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். மூல உரையாடல் இருக்கும் கருவி கையில் இருந்தால்தான் இதெல்லாம் எளிது. விவகாரம் முடியும் வரை அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள், அந்த சாட்டில் ‘மறையும் செய்திகள்’ வசதி இயங்கினால் இன்றே நிறுத்துங்கள்.