பார்க்கலாம் என்று சொன்ன பிறகு

அன்புள்ள ஐயா,
தேவகோட்டையில் இருக்கிறேன். இருபது வருஷமாகப் பழகும் அண்ணன் ஒருவர் பலகாரக் கடை ஆரம்பிக்கிறார். ஆளுக்கு ஆறு லட்சம் போட்டுப் பாதிக்குப் பாதி கூட்டு என்கிறார். எனக்கு இஷ்டமில்லை. ‘பார்க்கலாம்ணே’ என்று சொல்லி மூன்று வாரமாகிறது. மனஸ்தாபம் வராமல் எப்படி மறுப்பது?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நாளைக் காலையே போய்ச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் பாதி சம்மதம். அதை நம்பி அவர் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் காலை வாரிவிட்ட கணக்குதான்.

போலிக் காரணம் மட்டும் வேண்டாம். சில வருஷம் முன்பு ஒரு நண்பர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்தலாம் என்று என்னைக் கூப்பிட்டார். முகத்துக்கு நேரே மறுக்க வாய் வராமல் ‘கையில் பணமில்லை’ என்றேன். நாலாம் நாள் வந்து, ‘பணம் வேண்டாம், பத்திரத்தில் பேர் மட்டும் இருக்கட்டும்’ என்றார். வீட்டில் சம்மதிக்கவில்லை என்றேன். மனுஷன் நேராக வந்து என் மனைவியிடமே பேசிவிட்டார், அவளுக்கு விஷயமே தெரியாது! இரண்டு வருஷம் அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. நான் மறுத்ததற்காக அல்ல, புளுகியதற்காக.

அந்த ‘பேர் மட்டும்’ உங்களிடமும் வரும். 1932ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி பேருக்குப் பங்குதாரர் என்று ஒருவர் கிடையாது. நீங்கள் பங்குதாரராக இருக்கும்போது கடை வாங்கிய கடன் முழுவதையும், உங்கள் பாதியை மட்டுமல்ல, உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். ஆறு லட்சத்தோடு நிற்காது, வீடு வரை வரும். பத்திரத்தில் கையெழுத்தே இல்லாவிட்டாலும், உங்களைக் கூட்டாளி என்று சொல்ல நீங்கள் விட்டு, அதை நம்பி எண்ணெய்க்கடைக்காரர் கடன் கொடுத்தால் அவருக்கும் நீங்கள் பொறுப்பு. அதனால் கடைத்தெருவில் உங்கள் பேரை எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

விசேஷ வீட்டிலோ அவர் பிள்ளைகள் முன்னாலோ வேண்டாம், தனியாக. ‘அண்ணே, நான் யாரோடும் தொழில் கூட்டு சேர்வதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கணும், தப்பு என்னுடையது. என்னை எதிர்பார்க்காமல் ஏற்பாடு பண்ணுங்கள்.’ இவ்வளவு போதும், அது உண்மையாக இருக்கிறவரை. கணக்குப் போட்ட தாளை நீட்டுவார், வாங்காதீர்கள். வாங்கினால் எண்ணெய் விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறார் என்று ஏதாவது சொல்வீர்கள், அவர் அதைத் திருத்திக்கொண்டு மறுநாள் வருவார். ‘என் மேல் நம்பிக்கை இல்லையா’ என்று கேட்டால், ‘உங்களிடம் கணக்குக் கேட்கிற இடத்தில் நான் உட்கார விரும்பவில்லை’ என்று சொல்லுங்கள்.

சங்கடத்துக்காக ஒரு லட்சம் கைமாற்றாகக் கொடுத்துவிடாதீர்கள், அது இன்னொரு தலைவலி. கடை திறந்ததும் பத்து கிலோ மனகோலம் ஆர்டர் கொடுங்கள், முழு விலைக்கு.