ஸ்டாம்பில் எழுத்து உதிர்கிறதா, அடைக்கிறதா?

"கடை முகப்பில் ஒரு மேசை போட்டு லேமினேஷனும் போட்டோ பிரேமும் செய்கிறேன், இரண்டும் ஓடுகின்றன. ரப்பர் ஸ்டாம்புக்காக ஒரு சின்ன பாலிமர் மெஷின் வாங்கினேன். சில ஸ்டாம்பில் கழுவும்போதே சின்ன எழுத்து உதிர்கிறது, சிலதில் எழுத்துக்குள் அடைத்துக்கொள்கிறது. மெஷினை மாற்ற வேண்டுமா?"

மாற்ற வேண்டாம். இரண்டுமே பெரும்பாலும் வெளிச்சம் காட்டும் நேரத்தால் வருபவை. உங்கள் மெஷினுக்கான நேரத்தை நீங்களேதான் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் அது குழல் விளக்கின் வயது, கண்ணாடி, பிலிம், பாலிமர் எல்லாவற்றையும் பொறுத்து மாறும்.

உள்ளே நடப்பது இதுதான். பாலிமர் திரவம் புற ஊதா ஒளி பட்ட இடத்தில் இறுகும், படாத இடம் கழுவும்போது போய்விடும். முதுகுப் பக்கம் காட்டும் புற ஊதா ஒளி ஸ்டாம்பின் அடித்தளத்தை இறுக வைக்கிறது. எழுத்து மட்டும் ஒளி புகும்படியும் மற்ற இடம் கறுப்பாகவும் உள்ள நெகட்டிவ் பிலிம் வழியாகக் காட்டும் ஒளி எழுத்தை மேலிருந்து இறுக்கிக்கொண்டே போய் அந்த அடித்தளத்தோடு சேர வேண்டும். நேரம் போதாவிட்டால் எழுத்து பாதியிலேயே நிற்கும், பிரஷ் பட்டதும் போய்விடும். தமிழ் ஸ்டாம்பில் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். நேரம் கூடினால் ஒளி பக்கவாட்டில் பரவி ண, ஞ போன்றவற்றின் சுழியை அடைத்துவிடும்.

சோதனைக்கு, நீங்கள் வழக்கமாகப் போடும் மிகச் சிறிய எழுத்தில் புள்ளியும் சுழியும் நிறைய உள்ள ஒரே வரியை நான்கு முறை பக்கத்துப் பக்கத்தில் வைத்து நெகட்டிவ் எடுங்கள். முதுகுப் பக்க நேரத்தை வழக்கம்போல வையுங்கள். முன்பக்கம் மொத்தத்துக்கும் 60 விநாடி கொடுத்து, விளக்கை அணைத்து, முதல் வரியைக் கறுப்பு அட்டையால் மூடுங்கள். இன்னொரு 15 விநாடி, அடுத்த வரியையும் மூடுங்கள். இப்படியே போனால் 60, 75, 90, 105 என்று நான்கு வரி கிடைக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷால் கழுவிப் பாருங்கள். உதாரணமாக 60-இல் புள்ளிகள் போய், 75-இல் நின்றும் பிரஷ் பட்டால் சாய்ந்து, 90-இல் உறுதியாக நின்று, 105-இல் ண-வின் சுழி மூட ஆரம்பித்தால் உங்கள் நேரம் 90. நான்கிலும் உதிர்ந்தால் அடித்தளம் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மொத்தத் தடிமனில் ஏறக்குறைய பாதி இருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகுப் பக்கம் நேரத்தைக் கூட்டுங்கள். ஆனால் அதிகமாகக் கூட்டினால் பள்ளம் ஆழமில்லாமல் போய், எழுத்து இல்லாத இடத்திலும் மை ஒட்டும்.

அடைப்பு என்றாலே நேரத்தைக் குறைக்க ஓடாதீர்கள், இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கழுவி முடித்ததும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுழிக்குள் பசைபோல் பளபளப்பு இருந்தால் கழுவியது போதவில்லை, அவ்வளவுதான். அப்படியே விட்டால் கடைசியில் தண்ணீருக்குள் வைத்து மறுபடி ஒளி காட்டும்போது அதுவும் கெட்டியாகிவிடும். கழுவியதும் சுழிக்குள் பசையில்லாமல் கெட்டியாகவே இருந்தால் முதலில் நெகட்டிவைச் சந்தேகப்படுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கறுப்பில் ஊசித் துளைகள் தெரிகின்றனவா? அப்படியானால் டோனர் அடர்த்தி போதவில்லை, இரண்டு பிலிமைத் துல்லியமாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப் பயன்படுத்துங்கள். டோனர் பக்கம் பாலிமரை நோக்கி இருக்கட்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் பிலிமின் தடிமனிலேயே ஒளி பரவி எழுத்து தடிக்கும். டோனர் பக்கம் பாலிமரை நோக்கி இருப்பதால் எழுத்தைத் திருப்பாமல் நேராகவே பிரிண்ட் எடுக்கலாம்.

பிரேம் வேலையும் செய்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன், பிரேமில் மிஞ்சிய மெல்லிய கண்ணாடியை மெஷினில் போடாதீர்கள். கிளிப் அழுத்தத்தில் வளைந்து ஸ்டாம்பின் உயரம் சீராக வராது, அச்சில் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் விழும்.

அப்புறம், பாலிமரைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், விளக்கு எரியும்போது உள்ளே பார்க்காதீர்கள். எண்ணெய் கலந்த மை பாலிமரை ஊதிப்போகச் செய்யும், தண்ணீர் மையே கொடுங்கள். அலுவலக முத்திரை, கையெழுத்து ஸ்டாம்ப் கேட்டு வருபவரிடம் அடையாள அட்டையும் அந்த அலுவலகத்தின் கடிதமும் வாங்கி, ஸ்டாம்பின் அச்சை ஒரு நோட்டில் பதித்துத் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடிதம் இல்லையென்றால் ஆர்டரை விட்டுவிடுங்கள்.

புது பாலிமர் கேன் திறந்தாலோ பிலிமையோ கண்ணாடியையோ மாற்றினாலோ நான்கு வரிச் சோதனையை மறுபடி போடுங்கள். எதுவும் மாற்றாமலேயே புள்ளிகள் உதிர ஆரம்பித்தால் குழல் விளக்கு தளர்ந்திருக்கும். கண்ணுக்குப் பழைய வெளிச்சம் அப்படியே தெரிந்தாலும் புற ஊதா குறைந்திருக்கும். முதலில் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், கூட்டியும் பலனில்லை என்றால் குழலை மட்டும் மாற்றுங்கள்.