சோலார் கொட்டேஷனுக்குப் பிறகு அனுப்பும் ஃபாலோ-அப்: மூன்று சின்னப் பத்திகள் போதும்

கேள்வி: வீட்டு மாடிக்கு சோலார் போட்டுத் தருகிறோம். கொட்டேஷன் அனுப்பிய பிறகு வாட்ஸ்அப்பில் விவரமாக ஃபாலோ-அப் எழுதுகிறேன். நீல டிக் விழுகிறது, ஆனால் பாதி விஷயம் படித்த மாதிரியே தெரியவில்லை. எப்படி எழுதினால் முழுசாகப் படிப்பார்கள்?

பதில்:

நீல டிக் விழுந்தால் அந்த சாட்டைத் திறந்தார் என்றுதான் அர்த்தம். எதுவரை படித்தார் என்பது பதிலில் தெரியும். நீங்கள் மூன்று விஷயம் கேட்டு அவர் முதல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொன்னால், மிச்சம் கண்ணில் படவில்லை. அதற்கும் மேலே, மெசேஜில் ஏற்கெனவே சொன்னதையே போன் பண்ணிக் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் தொழிலில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய வீட்டுக்காரர். போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார். தமிழ் வார்த்தைகளோ நீளமானவை, ஒரு வரிக்கு மூன்று நான்குதான் கொள்ளும். உங்கள் கையில் ஐந்து வரியாகத் தெரியும் பத்தி, அவர் கையில் எட்டு ஒன்பது வரி ஆகிவிடும். மெசேஜ் ரொம்ப நீண்டால் வாட்ஸ்அப் பாதியில் வெட்டி, மிச்சத்தைத் தனியாகத் தட்டித் திறக்கச் சொல்லும். பலர் அதைத் தட்டுவதே இல்லை. அதனால் நான் மூன்று பத்தி, பத்திக்கு அதிகபட்சம் இரண்டு வாக்கியம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 3 கிலோவாட் கொட்டேஷன் போயிருக்கிறது. மாடி பார்க்கப் போனபோது மேற்குப் பக்கத்துத் தென்னை மர நிழலைப் பற்றி அவர் கவலைப்பட்டார். வழக்கமான ஃபாலோ-அப்பில் என்ன இருக்கும்? நலம் விசாரிப்பு, கம்பெனி அறிமுகம், பேனல் வாரண்டி, மானிய விவரம், பேங்க் லோன், நெட் மீட்டர், கடைசியில் "உங்கள் முடிவைத் தெரிவிக்கவும்". இதில் அவர் தேடுவது நிழலுக்கான பதில். அதுதான் இல்லை!

நான் எழுதினால் இப்படி:

"சார், நிழல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தென்னை மர நிழல் மாலை 4 மணிக்கு மேல்தான் பேனல் மேல் விழுகிறது.

பேனல் வரிசையைக் கிழக்கே 4 அடி தள்ளிப் போட்டால் அதுவும் பெரும்பாலும் தவிர்ந்துவிடும். கொட்டேஷன் தொகை மாறாது, மத்திய அரசு மானியம் 78,000 ரூபாயும் அப்படியேதான்.

புது இடத்தைக் காட்ட சனிக்கிழமை காலை வரட்டுமா, ஞாயிறு வரட்டுமா?"

முதல் பத்தி அவர் கேட்ட விஷயத்திலேயே தொடங்குகிறது. நோட்டிஃபிகேஷனில் முதல் ஓரிரு வரிதான் தெரியும். அந்த இடத்தை "வணக்கம் சார், நலமாக இருக்கிறீர்களா" எடுத்துக்கொண்டால், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார். "சார்" என்ற ஒரு சொல்லிலேயே மரியாதை வந்துவிடுகிறது.

இரண்டாவது பத்தியில் கொட்டேஷனில் இல்லாத புதுச் செய்தி ஒன்றே ஒன்று. நிழல் என்பது அற்பமான சந்தேகம் இல்லை. பேனல்களைத் தொடராக இணைக்கும்போது, ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி குறையும் என்று அவர் எங்காவது கேள்விப்பட்டிருப்பார். ஆனால் இந்த விளக்கத்தை மெசேஜில் எழுத வேண்டாம், நேரில் போகும்போது சொல்லுங்கள். தொகையும் மானியமும் ஒரே வாக்கியத்தில் வருவதற்குக் காரணம், இடம் மாற்றினால் செலவு கூடுமோ என்று அடுத்து அவர் கேட்கப்போவதுதான். 4 மணி, 4 அடி எல்லாம் மாடியில் நீங்களே அளந்து பார்த்ததாக இருக்க வேண்டும். குத்துமதிப்பாக எழுதினால் வேலை நாளன்று அங்கேயே நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது பத்தி, ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. "சனி" என்று தட்டினால் போதும். "உங்கள் முடிவைத் தெரிவிக்கவும்" என்றால் அவர் வீட்டில் எல்லோரிடமும் கலந்து பேச வேண்டும், பதில் தள்ளிப்போகும்.

இன்னொன்று, இதைத் தனி மெசேஜாக அனுப்பாதீர்கள். முன்பு அனுப்பிய கொட்டேஷன் பிடிஎஃப் மேல் விரலை வலப்பக்கம் இழுத்து, அதற்கே பதிலாக அனுப்புங்கள். மேலே தெரியும் பெட்டியைத் தட்டினால் பழைய பிடிஎஃப்புக்கே போய்விடும், அவர் தேட வேண்டாம். அனுப்புவதற்கு முன் உங்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, உங்களுக்கே ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். விரலால் தள்ளாமல் மூன்று பத்தியும் ஒரே திரையில் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் இரண்டாவது பத்தியில் கை வையுங்கள், முதலிலும் மூன்றிலும் வேண்டாம்.

லோன் விவரம் கேட்டால் தனி மெசேஜ் போடுங்கள், இதோடு சேர்க்க வேண்டாம். பேனல் விலை ஏறி கொட்டேஷன் தொகை மாறுகிறது என்றால் மட்டும் எதையும் எழுதாமல் முதலில் போன் செய்து பேசிவிடுங்கள். புதுத் தொகையை அதற்கப்புறம் எழுத்தில் அனுப்பலாம்.