அட்டையின் பின்பக்கத்தில் எது வேண்டும், எது வேண்டாம்?

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. பதிப்பாளர் 60 சொற்களுக்குள் ஆசிரியர் குறிப்பு கேட்கிறார். நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியை, எம்.ஏ., எம்.ஃபில். ஒரு வார இதழிலும் இரண்டு சிற்றிதழ்களிலும் கதைகள் வந்துள்ளன. ஒரு சிறுகதைப் போட்டியில் இரண்டாம் பரிசு. 'கவிச்சுடர்' பட்டம், மதிப்புறு முனைவர் பட்டம், உலக சாதனைக் கவிதைத் தொகுப்பில் இடம்பெற்றதற்கான சான்றிதழ், ஊரடங்கு காலத்து இணையவழிக் கருத்தரங்குச் சான்றிதழ்கள் ஒரு கட்டு. எதை எடுத்துவிட்டாலும் மனசு கேட்கவில்லை.
- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: கடைசியில் சொன்ன கட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததற்குத் தந்த சான்றிதழ் அது. பள்ளிக் கோப்பில் இருக்கட்டும், கதைப் புத்தகத்தில் அதற்கு வேலை இல்லை.

மதிப்புறு முனைவர் பட்டம்தான் சங்கடமானது. இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில் சொல்லிவிட்டது: சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்கள், அவ்வளவுதான். உங்களுக்குத் தந்த அமைப்பின் பெயர் மானியக் குழுவின் இணையதளத்தில் உள்ள பல்கலைக்கழகப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. நட்சத்திர ஓட்டல் அரங்கில் அங்கி மாட்டி, 'விழாச் செலவு' என்று பணம் வாங்கிக்கொண்டு தந்த பட்டம் என்றால் பெரும்பாலும் முதல் பட்டியலில் இருக்காது. உண்மையான பல்கலைக்கழகமே தந்திருந்தாலும், கௌரவப் பட்டத்தை வைத்துப் பெயருக்கு முன்னால் 'முனைவர்' போடுவது மரபல்ல. உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எம்.ஃபில். முடித்த தமிழாசிரியை 'முனைவர்' என்று போட்டால், ஆய்வு செய்து வாங்கியதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். சக ஆசிரியர் ஒருவர் "எந்தப் பல்கலைக்கழகத்தில், யாரிடம் பண்ணினீங்க?" என்று கேட்டால் போதும், அட்டையில் உள்ள மற்ற வரிகள்மேலும் சந்தேகம் விழும்.

'கவிச்சுடர்' விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். பத்ம விருதுகளையே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு உங்கள் பட்டத்தைத் தொடாது என்றாலும், நாகரிகம் ஒன்றுதான்.

சாதனைத் தொகுப்பைப் பற்றி ஒரு கேள்வி: கவிதை அனுப்பியவர்களில் யாருடையதாவது திருப்பி அனுப்பப்பட்டதா? பங்களிப்புத் தொகை கட்டிய அத்தனை பேரும் உள்ளே வந்து, பதக்கம் கூரியரில் வந்திருந்தால், அங்கே தேர்வு என்று ஒன்று நடக்கவில்லை. 'ஐ.எஸ்.பி.என். எண் பெற்ற நூல்' என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்தியாவில் அந்த எண்ணை அரசு நிறுவனம் இலவசமாகவே தருகிறது. அது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கு, தரத்துக்கு முத்திரை அல்ல. அதே சமயம், நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டியெல்லாம் மோசடி என்றும் நான் சொல்லமாட்டேன். நடுவர்கள் பெயர் வெளியே தெரிந்து, பலர் கழிக்கப்பட்டுச் சிலர் தேறியிருந்தால் அது பரிசுதான்.

அந்த வகையில் உங்கள் இரண்டாம் பரிசு தாராளமாக நிற்கும். ஆனால் 'பல பரிசுகள் பெற்றவர்' என்று கரைத்துவிடாதீர்கள். எந்தக் கதை, யார் நடத்திய போட்டி, எந்த ஆண்டு, இரண்டாம் பரிசு என்றே எழுதுங்கள். இன்னொன்று: புத்தகம் வந்தபின் பதிப்பாளர் ஏதாவது விருதுக்குப் பிரதி அனுப்புவார். அதை வைத்து அடுத்த பதிப்பில் 'விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்' என்று போடாதீர்கள். அமைப்பே வெளியிட்ட இறுதிப் பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் போடலாம்.

நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன இதழ்கள்தான் இந்தக் குறிப்பின் உயிர். ஓர் ஆசிரியர் படித்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தும் போட்ட கதைகள் அவை. மூன்று இதழ்களின் பெயரையும் எழுதுங்கள், கதைகளின் எண்ணிக்கை வேண்டாம். எம்.ஏ., எம்.ஃபில். இரண்டும் உழைத்து வாங்கியவை, தன்விவரக் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் கதை வாசகருக்கு 'தமிழாசிரியர்' என்ற ஒரு சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

இப்படி வரும்:

"வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். இவருடைய கதைகள் (மூன்று இதழ்களின் பெயர்கள்) ஆகியவற்றில் வெளியாகியுள்ளன. (கதையின் பெயர்) என்ற சிறுகதை, (அமைப்பின் பெயர்) நடத்திய போட்டியில் (ஆண்டு) இரண்டாம் பரிசு பெற்றது. இது இவரது முதல் தொகுப்பு."

பெயர்களை நிரப்பினாலும் 60 சொல் தாண்டாது. மிச்ச இடத்தை நிரப்ப வேண்டும் என்று பதிப்பாளர் நெருக்கினால், கதைகள் நடக்கும் ஊரைப் பற்றி ஒரு வரி கொடுங்கள். அமைப்பின் பெயரை மட்டும் பரிசுச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிடுங்கள்.